இரண்டு கதைகள், ஒரு திரைக்கதை

ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922-இல் எழுதிய 'தோப்புக்குள்' சிறுகதையில் காட்சிகளே இல்லை. ஒரு கொலையைப் பற்றி ஏழு பேர் தரும் வாக்குமூலங்கள் மட்டும்தான். ஷினோபு ஹஷிமோட்டோ இதைத் திரைக்கதையாக்கியபோது முழுநீளப் படத்துக்கு நீளம் போதவில்லை. அகிரா குரோசவா அதே எழுத்தாளரின் 'ராஷோமோன்' (1915) கதையை அதனுடன் சேர்த்தார். ஆனால் அதிலிருந்து முக்கியமாக எடுத்துக்கொண்டது பாழடைந்த நகர வாயிலையும் மழையையும்தான். அங்கே பிணங்களின் கூந்தலைப் பிடுங்கும் கிழவியை விட்டுவிட்டார்.

வாக்குமூலம் தந்த பெண்ணின் தாயும் படத்தில் இல்லை. அவள் தருவது தகவல் மட்டுமே. அதை மற்றவர்கள் வழியாகவே சொல்லிவிடலாம்.

கதையில் விறகுவெட்டி பிணத்தைக் கண்டவன், அவ்வளவுதான். இறந்தவனின் மார்பிலிருந்து யாரோ கத்தியை உருவியதாக ஒரு குறிப்பும் உண்டு. படம் இரண்டையும் இணைத்தது: கத்தியைத் திருடியவனே விறகுவெட்டி, கொலையைப் பார்த்தவனும் அவனே. நான்காவது கோணம் இப்படிப் பிறந்தது.

விசாரிக்கும் அதிகாரியைப் படம் காட்டுவதே இல்லை. சாட்சிகள் நம்மை நோக்கிப் பேசுகிறார்கள். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் பார்வையாளர் அமர்கிறார்.

சிறுகதையைப் படமாக்க விரும்புவோர், 1950-இல் வெளியான 'ராஷோமோன்' படத்தை இரு கதைகளையும் படித்தபின் பாருங்கள்.