அந்த நஷ்டம் யார் தலையில்?

2001 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் என்ரான் நிறுவனத்தில் தலைமைச் செயல் அதிகாரி ஜெஃப்ரி ஸ்கில்லிங் திடுதிப்பென்று பதவி விலகினார். மறுநாள் நிறுவனத் தலைவர் கென்னத் லேவுக்குப் பெயர் போடாத கடிதம் ஒன்று போனது. எழுதியவர் துணைத் தலைவர்களுள் ஒருவரான ஷெரன் வாட்கின்ஸ். மொட்டைக் கடிதத்திடம் யாரும் விளக்கம் கேட்க முடியாது. அதனால் 22ஆம் தேதி விரிவான குறிப்போடு அவரே லேவை நேரில் சந்தித்தார். அவருடைய நேர் மேலதிகாரி, நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ. சந்தேகமோ ஃபாஸ்டோ போட்ட ஒப்பந்தங்களின் மீது. அவரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

வாட்கின்ஸின் கண்ணில் பட்டது 'ராப்டர்' என்ற அமைப்புகள். என்ரான் வேறு கம்பெனிகளின் பங்குகளை வைத்திருந்தது. அவற்றின் விலை இறங்கினால் ராப்டர் ஈடுகட்டும் என்று ஒப்பந்தம். ஆகவே நஷ்டம் என்ரான் கணக்கில் ஏறவில்லை. ஆனால் ராப்டரிடம் ஈடுகட்ட இருந்ததெல்லாம் பெரும்பாலும் என்ரானின் சொந்தப் பங்குகள். வெளியாள் முதலீடு என்று காட்டப்பட்டது ஃபாஸ்டோவே நடத்திய ஒரு நிதியத்தின் பணம். முதல் ராப்டரில் அது 3 கோடி டாலர் போட்டு, சில மாதங்களில் 4.1 கோடியாகத் திரும்ப எடுத்துவிட்டது.

குறிப்பின் உயிர் ஒரு கேள்வியில் இருந்தது: இந்த நஷ்டத்தைச் சுமப்பது யார்? பங்கு போட்டவர், கடன் கொடுத்தவர் என்று யாரையும் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார். இதில் யார் மீதும் பழி இல்லை. சுமப்பவர் ஒருவர் இருந்தால் காகிதத்தைக் காட்டி ஒரு மணி நேரத்தில் கேள்வியை முடித்துவிடலாம். தணிக்கையாளர்களான ஆர்தர் ஆண்டர்சன் இந்தக் கணக்குமுறையை ஏற்றிருப்பதையும் அவர் மறைக்கவில்லை. நடந்ததை வங்கிக் கொள்ளையோடு ஒப்பிட்ட ஒரு வரியும் அதே குறிப்பில் உண்டு. அது இல்லாவிட்டாலும் குறிப்பின் வலு குறைந்திருக்காது.

ஒப்பந்தங்களில் வேலை பார்த்த வின்சன் அண்ட் எல்கின்ஸ் சட்ட நிறுவனத்திடம் விசாரணையை ஒப்படைக்கக் கூடாது என்றும் அவர் எழுதியிருந்தார். லே அவர்களிடமே ஒப்படைத்தார். அதுவும் ஆண்டர்சனின் கணக்கு முடிவுகளைக் கிளறக் கூடாது என்ற வரம்போடு. கணக்குதான் கேள்வி, அதைத் தொடாமல் எதை விசாரிப்பது? மேல் விசாரணை தேவையில்லை என்று அக்டோபர் 15 அன்று அறிக்கை வந்தது. மறுநாள் என்ரான் 61.8 கோடி டாலர் காலாண்டு நஷ்டத்தை அறிவித்தது. டிசம்பர் 2 அன்று திவால் மனு.

வாட்கின்ஸ் லேவைச் சந்தித்த இரண்டே நாளில், அதாவது ஆகஸ்ட் 24 அன்று, நிறுவனத்துக்கு வக்கீல் ஒருவரின் மின்னஞ்சல் வந்திருந்தது. கணக்கைப் பற்றிப் புகார் சொல்லும் ஊழியரை வேலையை விட்டு நீக்கினால் என்ன ஆகும் என்று அதில் அலசப்பட்டிருந்தது. டெக்சஸ் மாநிலச் சட்டத்தில் அப்படிப்பட்டவருக்குப் பாதுகாப்பு இல்லை. பங்குச்சந்தை நிறுவனங்களின் ஊழியர்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தந்த கூட்டாட்சிச் சட்டம் 2002இல்தான் வந்தது.