முதலில் 'சி'யா, பைத்தானா?

கல்லூரியில் முதல் நிரல் எழுதப்போகும் மாணவர் ஒருவர், எந்த மொழியில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். இதுவரை நிரலே எழுதியதில்லை என்றால் பைத்தானில் தொடங்குங்கள். சில மாதங்களில் 'சி'க்கு வாருங்கள். ஏன் இந்த வரிசை என்பதை மூன்று வரி நிரலே காட்டிவிடும்.

```c
char peyar[5];
strcpy(peyar, "Kumar");
printf("%s\n", peyar);
```

ஐந்து எழுத்துப் பெயர், ஐந்து பைட் இடம். சரிதானே என்று தோன்றும். ஆனால் சொல் எங்கே முடிகிறது என்பதைக் காட்ட, கடைசியில் `\0` என்ற ஒரு பைட்டையும் 'சி' வைக்கிறது. ஆக, ஆறு பைட் வேண்டும். ஆறாவது பைட் நாம் ஒதுக்காத இடத்தில் போய் விழுகிறது.

பல கணினிகளில் இந்த நிரல் Kumar என்றே சரியாக அச்சிட்டுவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்த ஆறாவது இடத்தில் வேறொரு எண் இருந்திருந்தால் அது சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடலாம். தவறு நடந்தது ஓரிடம், விடை பிசகுவது வேறோரிடம். மடக்கு, நிபந்தனை, சார்பு ஆகியவற்றையே இப்போதுதான் பழகும் ஒருவருக்கு, பிழை தன் தர்க்கத்தில் இருக்கிறதா, நினைவக ஒதுக்கீட்டில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பைத்தானில் `peyar = "Kumar"` என்று எழுதினால் போதும். இடம் ஒதுக்குவதை மொழியே பார்த்துக்கொள்ளும். உங்கள் கவனம் முழுவதும் கணக்கைத் தீர்க்கும் வழியில் இருக்கும்.

அப்படியானால் 'சி' எதற்கு? பைத்தான் மறைத்து வைத்ததைப் பார்ப்பதற்கு. நாம் பரவலாகப் பயன்படுத்தும் சிபைத்தான் என்ற பைத்தான் இயக்கியே 'சி'யில் எழுதப்பட்டதுதான். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய இம்மொழி, யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதப் பயன்பட்டது. நினைவகத்தை நேரடியாகக் கையாள விடுவது அதற்காகத்தான்.

'சி'க்கு வந்ததும் மேலே உள்ள நிரலை, தேவையான `#include` வரிகளையும் `main` சார்பையும் சேர்த்து, இப்படித் தொகுத்துப் பாருங்கள்:

```
gcc -g -fsanitize=address peyar.c
```

பிறகு `./a.out` என்று ஓட்டினால், எல்லை மீறிய வரியின் எண்ணோடு எச்சரிக்கை வந்து நிரல் நின்றுவிடும். `peyar[5]` என்பதை `peyar[6]` ஆக்கினால் எச்சரிக்கை மறையும். 'சி' பழகும் நாளெல்லாம் இந்தக் கட்டளையை விடாதீர்கள்.

இந்த வரிசைக்கு விலக்கு உண்டு. நீங்கள் மின்னணுவியல் மாணவராக இருந்து, சில கிலோபைட் நினைவகமே உள்ள நுண்கட்டுப்படுத்திகளுக்கு நிரல் எழுதப்போகிறீர்கள் என்றால் 'சி'யிலேயே தொடங்கலாம். அங்கே ஒவ்வொரு பைட்டும் முதல் நாளிலிருந்தே கணக்கு. முதல் பருவப் பாடமே 'சி' என்றாலும் தயங்க வேண்டாம். ஒவ்வொரு பயிற்சிக் கணக்கையும் பைத்தானிலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். பைத்தானிலும் விடை தவறினால் பிழை பெரும்பாலும் உங்கள் தர்க்கத்தில் இருக்கும். 'சி'யில் மட்டும் தவறினால் முதலில் நினைவக ஒதுக்கீட்டைச் சோதியுங்கள்.