72 அங்குல மெத்தை, 180 செ.மீ. கட்டில்

மெத்தைக் கடையில் இன்றும் அங்குலக் கணக்குதான். ‘ஆறரைக்கு ஆறு’ என்று கேட்டால் கடைக்காரர் 78-க்கு 72 அங்குல மெத்தையை எடுத்துக் காட்டுவார். ஆனால் பிரித்து அட்டைப்பெட்டியில் வரும் கட்டில்களில், முக்கியமாக ஐக்கியா போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் கட்டில்களில், 180 x 200 என்று சென்டிமீட்டரில்தான் போட்டிருக்கும். இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. மெத்தைக்காரருக்கும் தச்சருக்கும் அது இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இருக்கும் மெத்தைக்குப் புதிதாகக் கட்டில் வாங்குகிறவர் என்ன செய்வார்? ஒரு அங்குலம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வரும். 72-ஐ இரண்டரையால் பெருக்கினால் சரியாக 180. கட்டிலின் அகலமும் 180. 78-ஐப் பெருக்கினால் 195. கட்டிலின் நீளம் 200. ‘அகலம் கச்சிதம், நீளத்தில் கொஞ்சம் இடம் மிச்சம்’ என்று பணத்தைக் கட்டிவிடுவார்.

மெத்தை உள்ளே இறங்காது.

ஒரு அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர். இது தோராயம் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் 1959-இல் கூடி முடிவு செய்த துல்லியமான அளவு. இரண்டரைக்கும் இதற்கும் 0.04தான் வித்தியாசம். ஒரு பேனா வாங்கும்போது அது ஒன்றுமே இல்லை. 72 தடவை சேரும்போது 2.88 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. ஆக, 72 அங்குல மெத்தையின் உண்மையான அகலம் 182.88 செ.மீ. கட்டிலின் உள் அகலத்தைவிட ஒரு அங்குலத்துக்கும் சற்று அதிகம்.

இந்த ஒரு மெத்தையோடு இது முடிவதில்லை. 36-ஐ இரண்டரையால் பெருக்கினால் 90, 48-ஐப் பெருக்கினால் 120, 60-ஐப் பெருக்கினால் 150. கட்டில் பெட்டிகளில் அச்சடித்திருப்பதும் பெரும்பாலும் இதே எண்கள். அதனால் தப்பான கணக்கு ஒவ்வொரு முறையும் ‘அப்படியே பொருந்துகிறது’ என்றுதான் சொல்லும். உண்மையில் அவை 91.44, 121.92, 152.4 செ.மீ. மூன்றுமே கட்டிலைவிடப் பெரியவை. கணக்கு அளவுக்கு மீறிக் கச்சிதமாக வந்தால் மறுபடி ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

கையில் கால்குலேட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அங்குலத்தை இரட்டித்து, அதில் பாதியைச் சேர்த்து, பிறகு ஒவ்வொரு 25 அங்குலத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 78-க்கு இரட்டிப்பு 156, பாதி 39, மொத்தம் 195. 78-இல் மூன்று 25 இருக்கிறது, அதற்கு 3 சேர்த்தால் 198. சரியான விடை 198.12. கட்டில் வாங்க இந்தத் துல்லியம் போதும்.

சரி, மூன்று சென்டிமீட்டர் அதிகமானால் என்ன, அமுக்கிவிட்டால் போகாதா? அது கட்டிலின் அமைப்பைப் பொறுத்தது. மேலே ஒரே சமமாகப் பலகை போட்ட கட்டில் என்றால் பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. நான்கு பக்கமும் சட்டம் உயர்ந்து, மெத்தை உள்ளே பதிகிற கட்டிலில்தான் சிக்கல். தேங்காய் நார் மெத்தை அமுங்கிக் கொடுக்காது, சட்டத்தின் மேலேயே ஏறி நிற்கும். அடியில் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே வெற்றிடம் விழும். ஃபோம் மெத்தையைத் திணித்தால் நுழையும், ஆனால் நடுவில் மேடு தட்டும். ஸ்பிரிங் மெத்தையில் ஓரத்துக் கம்பி வளைந்துவிடும். ஒரு ஓரத்தை அழுத்தும்போது எதிர் ஓரம் எழும்புகிறதா, விரிப்பைச் செருக விரல் நுழையவில்லையா? இரண்டுமே மெத்தை பெரிது என்பதற்கான அடையாளம்.

அதற்காக ஒரேயடியாகப் பெரிய கட்டிலை வாங்குவதும் சரியில்லை. 75-க்கு 60 மெத்தையின் நீளம் 190.5 செ.மீ. அதை 200 செ.மீ. நீளக் கட்டிலில் போட்டால் ஒன்பதரை சென்டிமீட்டர் பள்ளம் விழும். தலையணை உள்ளே சரியும். கைக்குழந்தை படுக்கும் வீட்டில் அந்த இடைவெளி ஆபத்தானது. நீளத்திலும் அகலத்திலும் மொத்தமாக இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு இடம் இருந்தால் போதும்.

180 x 200 கட்டில்தான் பிடித்திருக்கிறது, மெத்தை இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றால் 78-க்கு 70 கேளுங்கள். அது 198.12-க்கு 177.8 செ.மீ.; இரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் சுமாருக்கு இடம் விட்டு அழகாக உட்காரும். கடையில் இல்லாவிட்டால் சொன்ன அளவில் செய்து தருவார்கள். ஆனால் அப்படிச் செய்ததைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: மெத்தையில் நீளத்தை முதலில் எழுதுவது நம் வழக்கம், கட்டில் பெட்டியில் அகலம் முதலில் வரும்.

பேச்சில் நுழைகிற பிழை ஒன்று உண்டு. “ஆறரை அடி சார்” என்பதைக் குறித்துக்கொள்கிறவர் 6.5 என்று எழுத, அடுத்தவர் அதை ஆறடி ஐந்து அங்குலம் என்று படித்துவிடுவார். ஆறரை அடி 78 அங்குலம். ஆறடி ஐந்து 77 அங்குலம்தான். ஒரு அங்குலம் அங்கேயே போயிற்று. அடிக் கணக்கை முதலில் அங்குலமாக்கி, பிறகு சென்டிமீட்டருக்கு வாருங்கள்.

அளப்பதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. சீட்டில் 78-க்கு 72 என்று இருந்தாலும் மெத்தையைத் தரையில் விரித்து, ஓரத் தையலையும் சேர்த்து மூன்று இடத்தில் டேப் பிடித்துப் பாருங்கள். பெரிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுருட்டி வந்த ஃபோம் மெத்தை என்றால் பிரித்து ஒரு நாளாவது விட்டு அளக்க வேண்டும். கட்டிலில் வெளியளவு வேண்டாம், சட்டத்துக்குச் சட்டம் உள்ளளவுதான் வேண்டும். டேப் முனையில் இருக்கும் கொக்கி ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். உள்ளே முட்டி அளந்தாலும் வெளியே மாட்டி இழுத்தாலும் கொக்கியின் கனம் கணக்கில் சேராமல் இருக்கவே அந்த ஆட்டம்.

உள்ளூர்த் தச்சரிடம் செய்வதானால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். சென்டிமீட்டரை 2.54-ஆல் வகுத்தால் அங்குலம். 180 செ.மீ. மெத்தை 70.87 அங்குலம், தச்சர் மொழியில் எழுபது அங்குலம் ஏழு நூல், ஏனென்றால் அங்குலத்துக்கு எட்டு நூல். 200 செ.மீ. என்பது எழுபத்தெட்டு அங்குலம் ஆறு நூல். “சட்டத்துக்குள்ள இன்னும் ஆறு நூல் சேர்த்து விடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டால் விரிப்பு செருக இடம் கிடைத்துவிடும்.

முன்பணம் கொடுக்கும்போது ‘கிங் சைஸ்’ என்று மட்டும் பில்லில் எழுத விடாதீர்கள். அந்தப் பெயருக்குக் கடைக்குக் கடை ஒரு அளவு. உள் நீளம், உள் அகலம் இரண்டையும் சென்டிமீட்டரில், புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணோடு எழுதி வாங்குங்கள்.