அலமாரியின் வயது திருகாணியில்

பழைய மர அலமாரியின் வயதைக் கணிக்க வேலைப்பாட்டையும் மரத்தின் நிறத்தையும் பார்ப்பது வழக்கம். இரண்டையும் பிற்காலத்தில் ஒருவர் அப்படியே செய்துவிட முடியும். திருகாணி, ஆணி, கீல் ஆகிய மூன்றும் அதைவிட உறுதியான சாட்சிகள். அவற்றைச் செய்த முறை காலத்துக்குக் காலம் மாறியது. சில மாற்றங்களுக்கு ஆண்டும் தெரியும். ஆனால் இந்தச் சாட்சி ஒரு பக்கமாகத்தான் பேசும். 1846க்குப் பிறகு வந்த திருகாணி ஓர் அலமாரியில் இருந்தால், அந்தத் திருகாணி 1846க்கு முன் அங்கே ஏறியிருக்காது என்பது மட்டுமே உறுதி. அலமாரி அதற்கு முந்தியதா என்பதை மரம்தான் சொல்ல வேண்டும். இங்கே வரும் ஆண்டுகள் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் சாமான்களுக்கு உரியவை.

மூன்றிலும் தெளிவாகப் பேசுவது திருகாணி. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மரைகளை அரத்தால் கையாலேயே ராவினார்கள். அதனால் மரைகளின் இடைவெளி ஒன்றுபோல் இருக்காது. தலை சரியான வட்டமாக அமையாது. தலையில் உள்ள காடி நடுவை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். 1760இல் இங்கிலாந்தில் ஜாப் வயட், வில்லியம் வயட் சகோதரர்கள் திருகாணி வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன்பின் மரை சீரானது, ஆனால் நுனி மாறவில்லை. கையால் செய்ததோ இயந்திரத்தில் செய்ததோ, அன்றைய திருகாணியின் நுனி பென்சிலைக் குறுக்கே வெட்டியதுபோல் மொட்டையாகத்தான் இருந்தது. முன்கூட்டியே துளை போடாமல் அதை ஏற்ற முடியாது.

கூர்நுனித் திருகாணியைப் பெருமளவில் செய்ய வழி திறந்தவர் அமெரிக்காவின் தாமஸ் ஸ்லோன். அவருடைய காப்புரிமை 1846ஆம் ஆண்டுக்கு உரியது. பிரிட்டனில் அந்த உரிமையை 1854இல் பர்மிங்ஹாம் பகுதியின் நெட்டில்போல்டு, சேம்பர்லின் நிறுவனம் வாங்கியது. அதற்குப்பின் மொட்டைநுனி விரைவில் வழக்கொழிந்தது. ஆகவே ஒரு திருகாணியைக் கழற்றி நுனியைப் பார்த்தாலே 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியா, இரண்டாம் பாதியா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தலையில் கூட்டல் குறி போன்ற காடி இருந்தால் அது 1930களுக்குப் பிந்தியது.

கழற்றுவதில் நிதானம் வேண்டும். காடியில் சேர்ந்திருக்கும் மெழுகையும் அழுக்கையும் முதலில் ஊசியால் சுரண்டி எடுக்க வேண்டும். காடியின் முழு அகலத்துக்கும் பொருந்தும் திருப்புளியை வைத்து, மிக இலேசாக இறுக்கும் திசையில் ஒரு அசைவு கொடுத்துத் துருப்பிடி விட்டபிறகே தளர்த்த வேண்டும். நகரவில்லையென்றால் சூடான சால்டரிங் அயர்னின் முனையைத் தலையில் சிறிது நேரம் வைத்து, ஆறிய பின் மீண்டும் முயலலாம். எந்தத் திருகாணி எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து வைத்து, அதே துளையில் திருப்பி ஏற்றுவது கட்டாயம். இடம் மாறினால் அந்தச் சாட்சி வீணாகிவிடும்.

ஆணியைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. மரம் பிளக்கும், வந்த ஆணி வளையும். தலையையும், மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நுனியையும் பார்த்தாலே போதும். கொல்லர் அடித்த ஆணி சதுரத் தண்டாக நான்கு பக்கமும் குறுகிக்கொண்டு போகும். தலையில் சுத்தியல் அடிகளின் முகப்புகள் தெரியும். 1790களில் இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரத்தால் வெட்டிய ஆணி பரவத் தொடங்கியது. அதில் இரண்டு பக்கங்கள் மட்டுமே குறுகும், மற்ற இரண்டும் இணையாக ஓடும். உருண்டைத் தண்டும் வட்டத் தலையும் கொண்ட கம்பி ஆணி அமெரிக்காவில் 1890களில்தான் மற்றவற்றை ஓரங்கட்டியது.

கீலைப் பொறுத்தவரை அதன் வடிவத்தைவிட மரத்தில் அது விட்ட தடயமே முக்கியம். பழைய கீலைப் போலவே புதிதாக வார்த்துப் பொருத்த முடியும். ஆனால் கீலை மாற்றும்போது பழைய துளைகளை அடைக்க வேண்டும், பள்ளத்தை நீட்டவோ ஒட்டுப்போடவோ வேண்டும். அந்த அடைப்புகள் மரத்தில் நின்றுவிடும்.

1780ஆம் ஆண்டு வாக்கிலானது என்று சொல்லி விற்கப்படும், இரண்டு கதவுள்ள ஓர் ஆங்கிலேய ஓக் அலமாரியை எடுத்துக்கொள்வோம். பின்பலகைகள் கொல்லர் ஆணியால் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மரம் கறுத்திருக்கிறது. ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்து ஈரத்தில் இரும்போடு வினைபுரிந்து ஏற்படுத்திய கறை அது. அடியிலுள்ள ஒரு பலகையில் மட்டும் கம்பி ஆணி, கறையும் இல்லை. தரை ஈரத்தில் அழுகிய பலகையை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குப் பின்னரோ மாற்றியிருக்கலாம்.

கதவுகளில் பித்தளைக் கீல்கள். ஒரு திருகாணியைக் கழற்றினால் கூர்நுனி. டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தால், அது அந்த நுனிக்குத் தேவையானதைவிட அகலமாக, தட்டையாக முடிகிறது. முன்பு அங்கே மொட்டைநுனித் திருகாணி இருந்திருக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அப்படியானால் கீல் பழையதாகவே இருக்கக்கூடும், திருகாணி மட்டும் மாறியிருக்கும்.

அடுத்து, சட்டத்திலும் கதவிலும் துளைகளை எண்ண வேண்டும். வலப்பக்கம் சட்டத்தில் ஒரே தொகுதி, கதவிலும் ஒரே தொகுதி. அந்தக் கதவை ஐயப்பட இடமில்லை. இடப்பக்கம் சட்டத்தில் இன்றைய கீலின் துளைகளோடு, மரக்குச்சியால் அடைத்த இன்னொரு தொகுதியும் இருக்கிறது. கதவிலோ ஒரு தொகுதிதான். சட்டம் இரண்டு கீல்களைக் கண்டிருக்கிறது, கதவு ஒன்றைத்தான் கண்டிருக்கிறது. ஆகவே இடக்கதவோ, குறைந்தபட்சம் கீல் பொருந்தும் அதன் ஓரச்சட்டமோ பிற்காலத்தில் வந்தது. விலைபேசும்போது இந்த ஒரு கண்டுபிடிப்பு திருகாணிகளின் வயதைவிடப் பெரிது. உடல் 18ஆம் நூற்றாண்டினதாக இருக்கத் தடையில்லை; முகப்பில் பாதி அப்படியல்ல.

பழைய ஆணிகளைச் சேகரித்துப் புதிய சாமானில் அடித்து ஏமாற்றுவதும் உண்டு. தலை துருப்பிடித்திருந்தும் அதைச் சுற்றிய ஓக் மரம் வெளுப்பாகவே இருந்தாலோ, துருவின்மேல் புதிய சுத்தியல் தழும்பு பளபளத்தாலோ ஐயப்பட வேண்டும். நம் ஊர்ச் சாமான்களில் இன்னொரு கவனமும் தேவை. கப்பலில் வந்த பிரிட்டிஷ் திருகாணிக்கு மேற்சொன்ன ஆண்டுகள் பொருந்தும், சற்றுத் தாமதத்தோடு. கொல்லர் ஆணிக்குப் பொருந்தாது. இயந்திர ஆணி வந்த பிறகும் கிராமத்துப் பட்டறைகளில் ஆணி அடிப்பது நிற்கவில்லை. அதனால் இங்கே செய்த ஓர் அலமாரியில் கொல்லர் ஆணி இருப்பதை மட்டும் வைத்து 1800க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. அதே அலமாரியின் கீலில் உள்ள திருகாணியின் நுனியைப் பார்த்த பிறகே ஆண்டைப் பற்றிப் பேசலாம்.