தீபாவளி விற்பனை எத்தனை சதவீதம்?

ஒரு சிறிய ஜவுளிக்கடையைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாளி கணக்குப் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "தீபாவளி சமயத்துல நம்ம வருஷ வியாபாரத்துல எவ்வளவும்மா நடக்குது? போன வருஷத்தைவிடக் கூடுச்சா, குறைஞ்சுதா?" என்று கேட்கிறார். இரண்டு வருஷ விற்பனையும் எக்செல்லில் இருக்கிறது. ஒரு பில்லுக்கு ஒரு வரி: தேதி, பிரிவு, தொகை. பிவட் டேபிள் போடத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் மூன்று வெவ்வேறு பதில்கள் வரலாம். மூன்றிலும் கூட்டல் சரியாகவே இருக்கும். முதலாளி கேட்டதற்கான பதில் அவற்றில் ஒன்றுதான்.

கடையின் எண்களை எளிமைக்காக முழு லட்சங்களாக வைத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் முதல் காலாண்டு 12 லட்சம், ஆடித் தள்ளுபடி வரும் இரண்டாவது 15, தீபாவளி வரும் மூன்றாவது 24, கடைசி 9. மொத்தம் 60 லட்சம். அடுத்த நிதியாண்டில் முறையே 16, 20, 28, 16. மொத்தம் 80 லட்சம். 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. இரண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலாண்டுக்குள்தான் வருகின்றன. அதனால் ஒப்பிடுவதில் சிக்கல் இல்லை.

இப்போது வேலையைத் தொடங்கலாம். பட்டியலில் எங்காவது ஒரு செல்லில் நின்று Insert, PivotTable கொடுக்கிறோம். தேதியை Rows பெட்டிக்கும் தொகையை Values பெட்டிக்கும் இழுக்கிறோம். எக்செல் 2016 முதல், தேதியை இழுத்துப் போட்ட உடனே அது கேட்காமலே ஆண்டு, காலாண்டு, மாதம் என்று பிரித்துக்கொள்ளும். பழைய பதிப்பென்றால் ஏதாவது ஒரு தேதியின் மேல் வலது கிளிக் செய்து Group என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரும் பட்டியலில் Months ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். அதன் மேல் ஒருமுறை கிளிக் செய்து எடுத்துவிட்டு, Quarters, Years இரண்டையும் தேர்ந்தெடுங்கள். Years விடுபட்டால் இரண்டு வருஷத்துத் தீபாவளியும் ஒரே வரியில் கூடி 52 லட்சம் என்று நிற்கும்.

பலருக்கு இந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடுகிறது. `Cannot group that selection.` என்று ஒரு செய்தி வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தேதி போலத் தெரிவது தேதியல்ல, வெறும் எழுத்து. எக்செல்லுக்குள் உண்மையான தேதி என்பது ஓர் எண். அதனால் அலங்காரம் எதுவும் செய்யாத செல்லில் அது வலது ஓரம் ஒட்டி நிற்கும். எழுத்து இடது ஓரம் ஒட்டி நிற்கும். பில் மென்பொருளிலிருந்து நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் வந்த கோப்பை, அமெரிக்க அமைப்பிலுள்ள கணினியில் திறக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும். 13/11/2023 என்பதில் 13ஆம் மாதம் ஏது என்று எக்செல் அதை எழுத்தாகவே விட்டுவிடும்.

அது விட்டுவிட்டதாவது பரவாயில்லை, கண்ணில் படும். சத்தமில்லாமல் கெடுப்பது இன்னொன்று. 3/11/2023 என்ற நவம்பர் 3ஆம் தேதி பில்லை, மார்ச் 11 என்று அது ஏற்றுக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தைய வாரம் விற்ற பட்டுப்புடவை, போன நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படிக் கெட்ட கோப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வலது ஓரம் நிற்கும் தேதிகளை மட்டும் பாருங்கள். எந்த மாதத்திலும் 12ஆம் தேதிக்கு மேல் ஒன்றுகூட இல்லையென்றால், நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. அந்த ஷீட்டில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப் பார்ப்பதைவிட, மூலக் கோப்பின் பெயரை .txt என்று முடியும்படி மாற்றி எக்செல்லில் திறப்பது நல்லது. அப்போது மூன்று படிகளில் கேள்வி கேட்கும். மூன்றாவது படியில் தேதிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Date, DMY என்று சொன்னால் எல்லாத் தேதிகளும் ஒழுங்காக வந்துவிடும்.

தேதிகள் சரியாகிவிட்டன, காலாண்டும் பிரிந்துவிட்டது. ஆண்டை Columns பெட்டிக்கு நகர்த்துகிறோம். தொகை இருக்கும் ஏதாவது ஒரு செல்லில் வலது கிளிக் செய்து Show Values As, அதில் % of Column Total. ரூபாய் மறைந்து சதவீதம் வருகிறது. ஒவ்வொரு எண்ணையும் அது நிற்கும் பத்தியின் அடியிலுள்ள மொத்தத்தால் வகுத்துக் காட்டுவது இந்தக் கட்டளை. தீபாவளிக் காலாண்டு 2023 பத்தியில் 47.06%, 2024 பத்தியில் 38.36%. முதலாளியிடம் போய் "பாதியா இருந்தது, சரிஞ்சு போச்சுங்க" என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

சொல்வதற்கு முன் பக்கத்துப் பத்தியை ஒருமுறை பார்த்தால் போதும். 2025 என்ற பத்தியில் Qtr1 மட்டும் இருக்கிறது. அதற்கு நேரே 100.00%. எக்செல்லின் காலாண்டு ஜனவரியில்தான் தொடங்கும். Qtr1 என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, Qtr4 என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. Group பெட்டியில் இதை மாற்றுவதற்கு வசதியே இல்லை. (நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும் நாட்டில் இவ்வளவு பேர் பயன்படுத்தும் மென்பொருளில் இந்த ஒரு வசதி இல்லாதது எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.) விளைவாக, 2023 பத்தியில் மூன்று காலாண்டுகள் மட்டுமே இருக்கின்றன, 24 லட்சத்தை 60 லட்சத்தால் வகுக்காமல் 51 லட்சத்தால் வகுத்திருக்கிறது. 2024 பத்தியிலோ ஒரு நிதியாண்டின் வாலும் இன்னொன்றின் தலையும் ஒட்டிக்கொண்டு 73 லட்சமாகிவிட்டது.

இதற்குத் தீர்வு, காலாண்டைப் பிவட் டேபிளிடம் கேட்காமல் நாமே மூலப் பட்டியலில் கணக்கிட்டுக் கொடுப்பது. பட்டியலின் ஓரத்தில் காலாண்டு, நிதியாண்டு என்று இரண்டு பத்திகள் சேருங்கள். தேதி A பத்தியில் இருந்தால், காலாண்டுக்கான சூத்திரம் இது:

```
=INT(MOD(MONTH(A2)-4,12)/3)+1
```

மாத எண்ணிலிருந்து 4ஐக் கழிப்பதால் ஏப்ரல் பூஜ்யமாகிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் கழித்தலில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். MOD அவற்றை 9, 10, 11 என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. மூன்றால் வகுத்துப் பின்னத்தை விட்டு ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 4 வரை கிடைக்கும். நிதியாண்டுக்கு இன்னும் எளிது:

```
=YEAR(EDATE(A2,-3))
```

தேதியை மூன்று மாதம் பின்னால் நகர்த்தி ஆண்டை மட்டும் எடுக்கிறது. 2024 மார்ச்சில் போட்ட பில்லுக்கு 2023 என்று வரும், அதாவது 2023-24. பிவட் டேபிளின் மூல எல்லைக்குள் இந்த இரண்டு பத்திகளும் அடங்குகின்றனவா என்று Change Data Source கட்டளையில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய தேதிப் புலங்களை எடுத்துவிட்டு, காலாண்டை Rows பெட்டியிலும் நிதியாண்டை Columns பெட்டியிலும் வையுங்கள். 2023 பத்தியில் 20, 25, 40, 15. 2024 பத்தியில் 20, 25, 35, 20. தீபாவளியின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 35க்கு இறங்கியிருக்கிறது.

இன்னொரு கண்ணி மிச்சமிருக்கிறது. மேலே சொன்ன கட்டளையைப் புரிந்துகொள்ள இதுதான் நல்ல இடம். பத்திகள் பக்கவாட்டில் விரிவது பிடிக்காமல், அச்சடிக்க வசதியாக நிதியாண்டையும் Rows பெட்டிக்கே கொண்டுவந்து காலாண்டுக்கு மேலே வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். எண்கள் சட்டென்று மாறும். 2023இன் தீபாவளிக் காலாண்டு 17.14%, 2024இல் 20.00%. குறைந்துகொண்டிருந்த பங்கு இப்போது கூடுகிறது! தரவில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மாறியது வகுக்கும் எண். இப்போது இருப்பது ஒரே பத்தி. அதன் அடியில் நிற்பது இரண்டு வருஷமும் சேர்ந்த 140 லட்சம். 24ஐயும் 28ஐயும் அதே 140ஆல் வகுத்தால், பெரிய எண் பெரிய சதவீதமாக வரத்தானே செய்யும்? முதலாளி கேட்டது "அந்தந்த வருஷத்துல எவ்வளவு" என்பது. ஆண்டு Rows பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்றால் % of Column Total வேண்டாம். % Of Parent Row Total தேர்ந்தெடுங்கள். அது ஒவ்வொரு காலாண்டையும் அதற்கு மேலே நிற்கும் ஆண்டின் மொத்தத்தால் வகுக்கும். 40ம் 35ம் திரும்பி வந்துவிடும்.

வடிகட்டியும் இதே வேலையைச் செய்யும். முதல் காலாண்டு வேண்டாமென்று அதன் டிக்கை எடுத்துவிட்டால், மீதி மூன்றும் சேர்ந்து 100 ஆகிவிடும். 24 லட்சம் 48 லட்சத்தில் பாதியாகி, 50% என்று நிற்கும். கண்ணில் தெரிவதைத்தான் அது மொத்தம் என்று எடுத்துக்கொள்கிறது.

சதவீதத்தை மட்டும் நீட்டினாலும் முதலாளி தவறாகத்தான் புரிந்துகொள்வார். தொகையை Values பெட்டிக்கு இரண்டாவது முறையும் இழுங்கள். ஒன்றை ரூபாயாகவே விட்டுவிட்டு மற்றதை மட்டும் சதவீதமாக்குங்கள். பங்கு 40இலிருந்து 35க்கு இறங்கியதற்குப் பக்கத்திலேயே, விற்பனை 24 லட்சத்திலிருந்து 28 லட்சமாக ஏறியதும் தெரியும். தீபாவளி வியாபாரம் சரியவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையான வியாபாரம் 9 லட்சத்திலிருந்து 16 லட்சமாகிவிட்டது. அந்தக் காலாண்டின் பங்கு 15இலிருந்து 20 ஆனதால்தான் தீபாவளியின் பங்கு சுருங்கித் தெரிகிறது. அந்தக் கடையில் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி தீபாவளியைப் பற்றியதல்ல. பொங்கலுக்குப் பிறகு அங்கே என்ன விற்றது என்பது.