நாலு பேர் பொங்கல் பத்துப் பேருக்கு

சர்க்கரைப் பொங்கல் குறிப்பு நான்கு பேருக்கு: பச்சரிசி ¾ கப், பாசிப்பருப்பு ¼ கப், வெல்லம் 1¼ கப். வருவதோ பத்துப் பேர். அப்படியென்றால் எல்லாவற்றையும் 2½ மடங்காக்க வேண்டும்.

வெல்லத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். முழு எண்ணை முழு எண்ணோடும் (1 × 2 = 2), பின்னத்தைப் பின்னத்தோடும் (¼ × ½ = ⅛) பெருக்கி, 2⅛ கப் என்பார்கள். இது தவறு. இரண்டு மடங்குக்கே 2½ கப் வேண்டும்; இரண்டரை மடங்குக்கான விடை அதைவிடக் குறையுமா? குறுக்கே பெருக்க வேண்டிய இரண்டு பங்குகள் விட்டுப்போயின: 1 × ½, ¼ × 2. இரண்டும் சேர்ந்தால் சரியாக ஒரு கப். பொங்கல் சப்பென்று போவதற்கு அது போதும்.

கலப்புப் பின்னத்தை முதலில் தகாபின்னமாக மாற்றிவிட்டால் எதுவும் விடுபடாது. 1¼ என்பது 5/4. 2½ என்பது 5/2. மேலெண்களைப் பெருக்கினால் 25, கீழெண்களைப் பெருக்கினால் 8. ஆக 25/8, அதாவது 3⅛ கப். அரிசி ¾ × 5/2 = 15/8, அதாவது 1⅞ கப். பருப்பு ⅝ கப்.

⅛ கப்பை அளக்க இரண்டு மேசைக்கரண்டி போதும். எனவே அரிசிக்கு இரண்டு கப் அளந்து, இரண்டு மேசைக்கரண்டி எடுத்துவிடலாம்.

வேகும் நேரத்தை மட்டும் 2½ ஆல் பெருக்காதீர்கள்; அரிசி குழைந்ததா என்று பார்த்தே இறக்குங்கள்.