சிறு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் அக, புறக் காரணி மதிப்பீட்டு அணிகள்: எடையும் தரமும்

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் நிலையை எண்ணால் அளக்க, மேலாண்மை அறிஞர் பிரெட் டேவிட் அகக்காரணி, புறக்காரணி மதிப்பீட்டு அணிகளைக் கையாண்டார். இரண்டிலும் எடைகளின் கூட்டுத்தொகை 1.00 ஆகும், தரம் 1 முதல் 4 வரை அமையும். எடையையும் தரத்தையும் பெருக்கிக் கூட்டினால் மொத்த மதிப்பெண் கிடைக்கும். அதன் நடுப்புள்ளி 2.50. எனினும், தரம் என்பதன் பொருள் இரண்டிலும் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை நாகர்கோவிலில் இயங்குவதாகக் கொண்ட ஒரு சிறு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. எளிமை கருதி அணிக்கு நான்கு காரணிகளே கொள்ளப்பட்டுள்ளன. எண்கள் யாவும் எடுத்துக்காட்டுக்கானவை.

அகக்காரணி அணி

இங்குத் தரம், காரணியின் தன்மையைக் குறிக்கும். பெருங்குறைக்கு 1, சிறுகுறைக்கு 2, சிறுவலிமைக்கு 3, பெருவலிமைக்கு 4.

| காரணி | எடை | தரம் | பெருக்கம் |
|---|---|---|---|
| வழியறிந்த ஓட்டுநர்கள் | 0.25 | 4 | 1.00 |
| காலந்தவறாமை | 0.25 | 3 | 0.75 |
| குளிர்பதன வண்டி இன்மை | 0.30 | 1 | 0.30 |
| சுமையின்றித் திரும்பும் பயணம் | 0.20 | 2 | 0.40 |
| மொத்தம் | 1.00 | | 2.45 |

புறக்காரணி அணி

இங்குத் தரம், வாய்ப்பையோ அச்சுறுத்தலையோ குறிப்பதில்லை. அதனை நிறுவனம் எவ்வளவு திறமையாக எதிர்கொள்கிறது என்பதையே குறிக்கும்.

| காரணி | எடை | தரம் | பெருக்கம் |
|---|---|---|---|
| கேரளச் சந்தைக்கான மீன் சுமை | 0.30 | 3 | 0.90 |
| வாழை, ரப்பர் சுமை | 0.20 | 2 | 0.40 |
| மீன்பிடித் தடைக்காலம் | 0.30 | 4 | 1.20 |
| டீசல் விலையேற்றம் | 0.20 | 2 | 0.40 |
| மொத்தம் | 1.00 | | 2.90 |

தடைக்காலம் பெரும் அச்சுறுத்தலாயினும் அதற்கு 4 தரப்பட்டதன் காரணம் இம்மாவட்டத்தின் அமைப்பில் உள்ளது. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலும், மேற்கில் சூன் 1 முதல் சூலை 31 வரையிலும் தடையுண்டு. சின்னமுட்டம் முன்னதிலும், குளச்சல் பின்னதிலும் அடங்கும். இந்நிறுவனம் சின்னமுட்டம் மூடும்போது வண்டிகளைக் குளச்சலுக்கும், சூன் 15 முதல் மீண்டும் சின்னமுட்டத்துக்கும் மாற்றுகிறது எனக் கொள்வோம். இரு தடைகளும் ஒன்றுசேரும் 14 நாள்களே எஞ்சுகின்றன.

அகக்காரணி அணியின் வழக்கப்படி, ‘பெரிய அச்சுறுத்தல்’ என இதற்கு 1 இட்டால் மொத்தம் 2.90 இலிருந்து 2.00 ஆகக் குறையும். நன்கு எதிர்கொள்ளும் நிறுவனம் தவறாகத் தாழ்த்தப்படும். ஓர் அணியில் அச்சுறுத்தல்கள் யாவும் 1, 2 என்றும், வாய்ப்புகள் யாவும் 3, 4 என்றும் அமைந்திருப்பின், இப்பிழை நேர்ந்திருக்கக் கூடும் என ஐயுறலாம்.

முடிவுரை

அகக்காரணி மொத்தமான 2.45, நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே உள்ளது. எனினும் குளிர்பதன வண்டி இன்மையின் எடையில் 0.05 ஐக் குறைத்து ஓட்டுநர் காரணிக்குச் சேர்த்தால் அது 2.60 ஆகிவிடும். இவ்வளவு சிறு மாற்றத்தில் நிலைமாறும் மதிப்பெண்ணைக் கொண்டு நிறுவனத்தை ‘வலுவற்றது’ எனத் தீர்மானித்தல் பொருந்தாது. எடைகள் நிறுவனத்துக்கன்றித் தொழிலுக்கு உரியவை. ஆதலின் அத்தொழிலை அறிந்த பலர் தனித்தனியே இட்ட எடைகளை ஒப்பிட்டு, மொத்தம் எவ்வெல்லைக்குள் அசைகிறது என்பதையும் சேர்த்து வெளியிடுவதே ஆய்வுக்கு ஏற்றது.